பருப்புப் பாக்கெட் 105 விற்றது, லாபம் வந்ததா?

மலிவு விற்பனை முடிந்த வாரத்தில் கல்லாவைப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும். பணம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வந்திருக்கும், அலமாரி காலியாக இருக்கும். ஆனால் விலையைக் குறைத்தது லாபமா நட்டமா என்பதைக் கல்லா சொல்லாது. அதற்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். விலை குறைந்ததால் மட்டும் எத்தனை பாக்கெட் கூடுதலாகப் போனது என்பது ஒன்று. இழந்த லாபத்தை ஈடுகட்ட எத்தனை பாக்கெட் கூடியிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்குத்தான் பொருளியலில் விலை நெகிழ்ச்சி என்று பெயர். விலை 1 சதவீதம் இறங்கினால் விற்கும் அளவு எத்தனை சதவீதம் ஏறுகிறது என்பதே அந்த எண்.

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா, சுங்கை சிப்புட் போன்று செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு நகரத்தில் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. வழிமுறையோ எந்தக் கடைக்கும் பொருந்தும். ஒரு கிலோ துவரம் பருப்புப் பாக்கெட்டின் கொள்முதல் விலை 7.20 வெள்ளி, விற்பனை விலை 9 வெள்ளி, பாக்கெட்டுக்கு லாபம் 1.80. ஆகஸ்டு 5 முதல் 11 வரை விலை 8.10 ஆகக் குறைக்கப்படுகிறது, அதாவது 10 சதவீதத் தள்ளுபடி. அந்த வாரம் 105 பாக்கெட் விற்கிறது. அதற்கு முந்தைய வாரம் விற்றது 38.

பார்த்தவுடன் போடுகிற கணக்கு இப்படிப் போகும். முன்பு 38 பாக்கெட்டில் 68.40 வெள்ளி லாபம். இப்போது பாக்கெட்டுக்கு 90 காசுதான் நிற்கிறது, ஆனாலும் 105 பாக்கெட்டில் 94.50 வெள்ளி. ஆகவே 26.10 வெள்ளி கூடுதல் லாபம், தள்ளுபடி பலித்துவிட்டது. இந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. ஒப்பிட எடுத்த வாரம்தான் பிழை. அதைத் திருத்துவதற்கு முன்னால் எல்லைக்கோட்டைக் கண்டுபிடித்து வைப்போம்.

லாபம் 1.80-லிருந்து 90 காசுக்கு இறங்கியது என்றால் பாதியாகிவிட்டது என்று பொருள். அதே லாபம் வர வேண்டுமானால் விற்பனை இரண்டு மடங்காக வேண்டும். விலையில் 10 சதவீதம் விட்டுக்கொடுத்தால் விற்பனை 10 சதவீதமோ 20 சதவீதமோ கூடினால் போதும் என்று தோன்றும். அப்படி இல்லை. வாடிக்கையாளர் கண்ணுக்கு அது 10 சதவீதம், கடைக்காரரின் லாபத்தில் அது 50 சதவீதம். லாப விகிதம் ஒல்லியாக உள்ள மளிகைப் பொருளில் சின்னத் தள்ளுபடியும் இப்படித்தான் கடிக்கும். பழைய லாபத்தைப் புதிய லாபத்தால் வகுத்தால் விற்பனை எத்தனை மடங்காக வேண்டும் என்பது கிடைத்துவிடும். தள்ளுபடி அட்டையை எழுதுவதற்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டிய வகுத்தல் இது.

இனி நெகிழ்ச்சி. இதைக் கணக்கிடும்போது ஒரு சிக்கல் வரும். 38-லிருந்து 105-க்குப் போவது 176 சதவீத ஏற்றம், 105-லிருந்து 38-க்கு வருவது 64 சதவீத இறக்கம். ஒரே இரண்டு எண்கள், எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து சதவீதம் மாறிவிடுகிறது. அதனால் வித்தியாசத்தை இரண்டு எண்களின் சராசரியால் வகுப்பது வழக்கம். விலைக்கும் அப்படியே செய்ய வேண்டும். எக்செல் தாளில் A2-இல் பழைய விலை, A3-இல் புதிய விலை, B2-இல் வழக்கமான விற்பனை, B3-இல் மலிவு வார விற்பனை, C2-இல் கொள்முதல் விலை என்று போட்டுக்கொண்டால் முதல் வரி நெகிழ்ச்சியைத் தரும், இரண்டாவது வரி தேவையான மடங்கைத் தரும்:

```
=((B3-B2)/((B3+B2)/2))/((A3-A2)/((A3+A2)/2))
=(A2-C2)/(A3-C2)
```

விலை இறங்கும்போது விற்பனை ஏறுவதால் விடை மைனஸ் குறியோடு வரும். பேசும்போது குறியை விட்டுவிடலாம். விற்பனை சரியாக இரண்டு மடங்கானால், அதாவது 56 பாக்கெட் 112 ஆனால், நெகிழ்ச்சி 6.3. இந்தப் பருப்புக்கு, இந்தத் தள்ளுபடிக்கு, அதுதான் எல்லைக்கோடு. நெகிழ்ச்சி 1-ஐத் தாண்டினாலே விலைக் குறைப்பு நல்லது என்று பள்ளிப் பாடத்தில் படித்தது பலர் நினைவில் இருக்கும். அந்த 1 வசூலுக்கான கோடு. வசூல் கூடுவதற்கு 1 போதும். லாபம் கூடுவதற்கு இங்கே 6.3 வேண்டும். 38-ஐ அடிப்படையாக வைத்தால் நெகிழ்ச்சி 8.9 என்று வருகிறது, கோட்டுக்கு மேலே. அந்த 38-ஐத்தான் இப்போது சோதிக்க வேண்டும்.

தோட்ட நகரத்தில் எல்லா வாரமும் ஒரே வாரம் அல்ல. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஊதியக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும். மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த ஊரில் 5, 6, 7ஆம் தேதிகளில் பணம் கைக்கு வரும். அடுத்த சில நாளில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் மொத்தமாக வீட்டுக்குப் போகும். நான்காம் வாரத்தில் தேவைக்கு ஒவ்வொன்றாக வாங்குவார்கள். கடையின் மலிவு வாரம் ஆகஸ்டு 5 முதல் 11 வரை, சம்பள வாரம். ஒப்பிட எடுத்த 38 ஜூலையின் கடைசி வாரம். தண்ணீர் வற்றிய நாளையும் வெள்ளம் வந்த நாளையும் ஒப்பிட்டுவிட்டு மழைக்குக் காரணம் தள்ளுபடி என்று சொல்வதைப் போன்றது இது.

சரியான ஒப்பீட்டுக்கு மாதத்தை 5–11, 12–18, 19–25, 26–அடுத்த மாதம் 1, 30 நாள் மாதமானால் 2 என்று ஏழேழு நாளாக வெட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு சனி, ஒரு ஞாயிறு கட்டாயம் இருக்கும். மிஞ்சுகிற இரண்டு மூன்று நாளைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம். நம் கடையின் பாக்கெட் எண்ணிக்கை:

| வாரம் | ஜூன் | ஜூலை | சராசரி | ஆகஸ்டு |
|---|---|---|---|---|
| 5–11 | 54 | 58 | 56 | 105 |
| 12–18 | 38 | 42 | 40 | 27 |
| 19–25 | 35 | 37 | 36 | 28 |
| 26–1 அல்லது 2 | 40 | 38 | 39 | 38 |

தள்ளுபடி இல்லாவிட்டாலும் சம்பள வாரத்தில் 56 பாக்கெட் போயிருக்கும். அதில் லாபம் 100.80 வெள்ளி. கிடைத்ததோ 94.50. முன்பு 26.10 வெள்ளி கூடுதல் என்று காட்டிய அதே வாரம் இப்போது 6.30 வெள்ளி குறைவு என்கிறது. நெகிழ்ச்சியும் 8.9-லிருந்து 5.8-க்கு இறங்கி, கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

ஒப்பிடும் மாதங்களையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். புரட்டாசியில் பல வீடுகளில் சைவம், பருப்பு விற்பனை தானாகவே ஏறும். தீபாவளி, பொங்கலை ஒட்டிய வாரங்களும் அப்படியே. ஜூன், ஜூலை, ஆகஸ்டு என்று எடுத்ததற்குக் காரணம், செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறப்பதற்குள் மலிவு வாரமும் அதன் பின்விளைவும் முடிந்துவிடுகின்றன என்பதே.

எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கல்லாப் பணத்தை வைத்து விற்பனையை ஊகிக்கவே கூடாது. தோட்டப்புறக் கடைகளில் கணிசமான வியாபாரம் கடன் எழுதும் 555 நோட்டில் நடக்கும். சம்பளம் வந்ததும் போன மாதக் கடனை அடைப்பார்கள், அந்தப் பணம் இந்த வார விற்பனையாகத் தெரியும். இந்த வாரம் கடனில் போன பருப்போ கல்லாவில் தெரியவே தெரியாது. எந்தத் தேதியில் பாக்கெட் கடையை விட்டுப் போனதோ அந்தத் தேதியில்தான் அதை எழுத வேண்டும். ஸ்கேனர் இல்லாத கடைக்கு எளிய வழி, சரக்கை எண்ணுவது. 5ஆம் தேதி காலை கடை திறக்கும் முன் 62 பாக்கெட். வாரத்துக்குள் வந்தது 5 பெட்டி, பெட்டிக்கு 24 என்றால் 120. வாரம் முடிந்த இரவு மிச்சம் 77. ஆகவே போனது 105. வீட்டுச் சமையலுக்கு எடுத்ததையும், ஓட்டை விழுந்து ஒதுக்கியதையும் இதிலிருந்து கழிக்க வேண்டும். சரக்கு பாதியில் தீர்ந்துவிட்டதா என்றும் குறித்துவைக்க வேண்டும். ஆறாம் நாள் மதியமே அலமாரி காலியாகியிருந்தால் 105 என்பது ஐந்தரை நாள் விற்பனை. அதை ஏழு நாள் விற்பனையாக எடுத்துக்கொண்டால் நெகிழ்ச்சி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

அட்டவணையின் கடைசிப் பத்தியில் 105-க்குக் கீழே உள்ள 27, 28 என்ற எண்களைப் பாருங்கள். 12–18 வாரத்தில் வழக்கமாக 40 போகும், போனது 27. அடுத்த வாரம் 36 போக வேண்டியது, 28-தான் போனது. அதற்கடுத்த வாரம் 39-க்கு 38, பழைய நிலைக்கு வந்தாயிற்று. மூன்று வாரத்தில் 22 பாக்கெட் குறைந்திருக்கிறது. பருப்பு கெடாத பொருள். மலிவாகக் கிடைக்கும்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்கி டின்னில் போட்டு வைத்தவர் அடுத்த இரண்டு வாரம் பருப்புக்காகக் கடைக்கு வரமாட்டார். அவர் சாம்பாரை இரண்டு மடங்கு வைக்கவில்லை, நாளைய பாக்கெட்டை இன்றே வாங்கிக்கொண்டார். கடைக்கு இது இழப்பு. 1.80 லாபத்தில் போக வேண்டிய பாக்கெட் 90 காசு லாபத்தில் போயிருக்கிறது.

22 பாக்கெட்டுக்கு 39.60 வெள்ளி. முன்பு வந்த 6.30-ஐயும் சேர்த்தால் நான்கு வாரத்தில் மொத்த இழப்பு 45.90 வெள்ளி. இதை இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். வழக்கமான நான்கு வாரத்தில் 171 பாக்கெட், லாபம் 307.80. ஆகஸ்டில் 105 பாக்கெட்டில் 94.50, மீதி 93 பாக்கெட்டில் 167.40, மொத்தம் 261.90. வித்தியாசம் அதே 45.90. முன்கூட்டி வாங்கியதைக் கழித்தால் உண்மையான கூடுதல் 49 அல்ல, 27. அதன்படி 56 பாக்கெட் 83 ஆனதாக எடுத்துக்கொண்டால் நெகிழ்ச்சி 3.7. சம்பள வாரத்தைத் திருத்தியதைவிட இந்தத் திருத்தம்தான் பணத்தில் பெரியது, ஆனால் இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மலிவு முடிந்த மறுநாளோடு கணக்கெழுதுவது நின்றுவிடுகிறது.

அடுத்த வாரங்களுக்குக் காத்திருக்காமலே இதன் அறிகுறியைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பில் சுருளை எடுத்து, பருப்பு இருக்கிற பில்களை மட்டும் எண்ண வேண்டும். வழக்கமான சம்பள வாரத்தில் 56 பாக்கெட் 49 பில்லில் போனது என்று வைப்போம், பில்லுக்கு 1.14. மலிவு வாரத்தில் 105 பாக்கெட் 61 பில்லில் போனது, பில்லுக்கு 1.72. பருப்பு வாங்கியவர்கள் கூடியது 12 பில் அளவுக்குத்தான். மற்றதெல்லாம் ஒரே ஆள் கூடுதலாக எடுத்தது. புதிய ஆள் வந்தால் பில் எண்ணிக்கை ஏறும், பழைய ஆள் சேர்த்து வைத்தால் பில்லுக்கு எத்தனை என்பது ஏறும். இரண்டாவது வேகமாக ஏறுகிறது என்றால் பின்னால் பள்ளம் காத்திருக்கிறது. ஒட்டுக்கடைக்காரர் ஒருவர் ஒரே பில்லில் 15 பாக்கெட் எடுத்துப் போயிருந்தால் அதுவும் இதில் தெரிந்துவிடும். அந்த ஒரு பில்லைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கணக்கிடுவது நல்லது.

பக்கத்து அலமாரியையும் பார்க்க வேண்டும். துவரம் பருப்பு மலிவானால் மைசூர் பருப்பு எடுப்பவர் சிலர் இங்கே மாறுவார்கள். சம்பள வாரத்தில் வழக்கமாக 30 போகும் மைசூர் பருப்பு அந்த வாரம் 22 போனது, பாக்கெட்டுக்கு லாபம் 1.50 என்றால் 12 வெள்ளி இழப்பு. மொத்த இழப்பு 57.90 ஆகிறது.

இங்கே கடைக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார். பருப்புக்காக வந்தவர் புளி, மிளகாய்த்தூள், எண்ணெய் என்று மற்றதையும் வாங்கியிருப்பாரே, அந்த லாபம் எங்கே? உண்மைதான், மலிவு விற்பனையின் நோக்கமே பல கடைகளில் அதுதான். ஆகவே கடையின் மொத்த பில் எண்ணிக்கையைப் பார்ப்போம். ஜூன் சம்பள வாரத்தில் 398, ஜூலையில் 422, சராசரி 410. மலிவு வாரத்தில் 424. சராசரியைவிட 14 பில் கூடுதல், ஒரு பில்லுக்கு லாபம் 4 வெள்ளி என்றால் 56 வெள்ளி வருகிறது, இழப்பு ஏறத்தாழ ஈடாகிவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் தள்ளுபடி எதுவும் இல்லாத இரண்டு மாதங்களுக்கு இடையிலேயே 24 பில் வித்தியாசம் இருக்கிறது. ஜூலையில் சும்மா வந்த 422-க்கும் மலிவில் வந்த 424-க்கும் இடையில் இருப்பது இரண்டே பில். இந்த 14-ஐத் தள்ளுபடியின் கணக்கில் வரவு வைக்க எந்த ஆதாரமும் இல்லை. தவறாமல் ஐந்தாறு மாதம் பில் எண்ணிக்கையை எழுதி வந்த கடைதான் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியும்.

இதே கண்டிப்பைப் பருப்பு எண்ணிக்கையிடமும் காட்ட வேண்டும். சின்னக் கடையின் வார விற்பனை காரணமில்லாமலே ஏறி இறங்கும். எவ்வளவு ஆடும் என்பதை மதிப்பிட எளிய கை அளவு ஒன்று உண்டு, எண்ணிக்கையின் வர்க்கமூலம். 56-க்கு அது ஏழரை. ஆக, 49-உம் 63-உம்கூட ஒரு சாதாரண சம்பள வாரத்தில் வரக்கூடிய எண்களே. ஜூனில் 54, ஜூலையில் 58 என்று நெருக்கமாக அமைந்தது கொஞ்சம் அதிர்ஷ்டம், அதை வைத்து 56 என்பது கல்வெட்டு என்று நம்பிவிடக் கூடாது. உண்மையில் ஒரே ஆள் பல பாக்கெட் வாங்குவதால் ஆட்டம் வர்க்கமூலத்தைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

ஆகஸ்டில் தள்ளுபடி இல்லாவிட்டால் 49-தான் போயிருக்கும் என்றால் நெகிழ்ச்சி 6.9. 63 போயிருக்கும் என்றால் 4.8. நாம் 5.8 என்று ஒற்றை எண்ணாகச் சொன்னது இவ்வளவு அகலமானது. பின்னால் வந்த 22 பாக்கெட் பள்ளமும் அப்படித்தான், அது 10 ஆகவும் இருக்கலாம், 34 ஆகவும் இருக்கலாம். இரண்டையும் கடைக்குச் சாதகமான பக்கம் தள்ளிப் பார்ப்போம். 49 பாக்கெட் என்றால் மலிவு வாரத்தில் 6.30 வெள்ளி லாபம், பள்ளம் 10 என்றால் 18 வெள்ளி இழப்பு, கூட்டினால் 11.70 வெள்ளி நட்டம். இன்னும் ஒரு படி தள்ளினால் லாபப் பக்கம் போய்விடும், அதை மறுப்பதற்கில்லை. ஆகவே இந்தச் சான்றிலிருந்து நேர்மையாகச் சொல்லக் கூடியது இதுதான்: நட்டம் என்பதற்கே வாய்ப்பு நன்றாக அதிகம், பில்லுக்கு 1.72 என்ற எண் அதை வலுப்படுத்துகிறது, ஆனால் 45.90 என்ற தொகையை அப்படியே நம்ப வேண்டாம்.

மொத்த வியாபாரி விலையைக் குறைத்துக் கொடுத்திருந்தால் கணக்கு மாறும் என்பார்கள். மாறும், ஆனால் கவனமாகப் போட வேண்டும். மலிவு வாரச் சரக்குக்கு மட்டும் கொள்முதல் 6.80 என்றால் மலிவு வாரத்தில் பாக்கெட்டுக்கு 1.30 நிற்கும், 105 பாக்கெட்டில் 136.50. வழக்கமான 100.80-ஐவிட 35.70 அதிகம். பின்னால் வந்த பள்ளத்தில் 39.60, மைசூர் பருப்பில் 12 போக, 15.90 வெள்ளி நட்டமாக முடிகிறது. இதில் மறைந்திருக்கும் விஷயம் என்னவென்றால், விலையைக் குறைக்காமல் அந்த 56 பாக்கெட்டை 9 வெள்ளிக்கே விற்றிருந்தால் கொள்முதலில் மிச்சமான 40 காசு முழுவதும் கடைக்கே வந்திருக்கும். பாக்கெட்டுக்கு 2.20 வீதம் 123.20. மலிவாக வாங்கியதன் லாபத்தை மலிவாக விற்றதன் லாபமாக எழுதிக்கொள்வது கணக்குப் புத்தகங்களில் அடிக்கடி காணும் தவறு. இத்தனை பாக்கெட் கட்டாயம் விற்க வேண்டும் என்றோ, அட்டை போட்டு இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்றோ மொத்த வியாபாரி நிபந்தனை வைத்தால் மட்டுமே இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கலாம்.

3.7 என்ற எண்ணைக் கொண்டு எதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதை வைத்து விலையை ஏற்றினால் இன்னும் லாபம் வரும் என்று சூத்திரம் போட்டுக் காட்ட முடியும். ஒரு வார மலிவுக்கு மக்கள் காட்டும் வேகமும் நிரந்தர விலை ஏற்றத்துக்குக் காட்டும் வேகமும் வேறு வேறு. மலிவு வாரத்தில் அவர்கள் சேர்த்து வைத்தார்கள், விலை ஏறினால் கடையையே மாற்றிவிடுவார்கள். இறக்கியபோது கிடைத்த எண்ணை ஏற்றத்துக்குப் பயன்படுத்துவது அளவுகோலைத் தலைகீழாகப் பிடிப்பதற்குச் சமம்.

அடுத்த முறை இதே கேள்விக்குத் தெளிவான விடை வேண்டுமானால் மூன்று மாற்றங்கள் போதும். சம்பள வாரத்தை விட்டு 12–18 வாரத்தில் வைக்க வேண்டும். அப்போது கையில் காசு குறைவு, சேர்த்து வைப்பதும் குறையும். ஒரு பில்லுக்கு இரண்டு பாக்கெட் என்று வரம்பு வைத்து, அட்டையிலேயே எழுத வேண்டும். தள்ளுபடியை 90 காசுக்குப் பதில் 50 காசாக, அதாவது 8.50 ஆக வைக்க வேண்டும். அப்போது பாக்கெட்டுக்கு 1.30 நிற்கிறது. வழக்கமான 40 பாக்கெட்டின் 72 வெள்ளி லாபத்தைப் பிடிக்க 56 பாக்கெட் போக வேண்டும். நம்மிடம் உள்ள 3.7-ஐ வைத்துப் பார்த்தால் போகக்கூடியது 49. லாபம் 63.70, அதாவது சுமார் 8 வெள்ளி குறைவு. ஆனால் 49-இன் ஆட்டம் ஏழு, ஒரு வாரத்தில் 56 வந்துவிட்டாலும் அது தற்செயலாக இருக்கலாம். அதனால் ஒரே சோதனையை அடுத்தடுத்த மூன்று மாதங்களில், அதே 12–18 வாரத்தில், புரட்டாசியும் தீபாவளியும் குறுக்கிடாத பருவத்தில் செய்து மூன்றையும் கூட்ட வேண்டும். கணிப்பு 147, லாபம் தொடங்கும் எண் 168, ஆட்டம் பன்னிரண்டு. கூட்டுத்தொகை 140-ஐ ஒட்டி வந்தால் இந்தப் பருப்புக்குத் தள்ளுபடி வேண்டாம் என்று முடிவு செய்யலாம். 180-ஐத் தாண்டினால் 50 காசுத் தள்ளுபடியைத் தொடரலாம். இரண்டுக்கும் நடுவே நின்றால் அடுத்த இரண்டு வாரங்களில் பள்ளம் விழுந்ததா என்பதுதான் தீர்ப்பைச் சொல்லும்.